சுடோகுவின் 729 மாறிகள்

ஒரு சுடோகுக் கட்டத்தைச் சமன்பாடுகளாக எழுதச் சொன்னால், கணக்குப் படித்த எவரும் முதலில் எடுப்பது 81 மாறிகளைத்தான். கட்டத்துக்கு ஒரு மாறி, அதன் மதிப்பு 1 முதல் 9 வரை. ஒவ்வொரு நிரையிலும் 1 முதல் 9 வரை ஒருமுறை வரவேண்டும் என்பதால் நிரையின் கூட்டுத்தொகை 45. நிரலுக்கும் 3×3 பெட்டிக்கும் அப்படியே. மொத்தம் 27 சமன்பாடுகள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாக் கட்டங்களிலும் 5 என்று எழுதிவிட்டால் அந்த 27-ம் நிறைவேறிவிடும். சரி, பெருக்கற்பலன் 362880 ஆக வேண்டும் என்றும் சேர்ப்போம் என்றால் அதுவும் போதாது. 1, 2, 4, 4, 4, 5, 7, 9, 9 ஆகிய ஒன்பதையும் கூட்டினால் 45, பெருக்கினால் 362880. தவிர, பெருக்கல் நுழைந்ததும் நேரியல் சமன்பாடு என்ற வசதியும் போய்விடுகிறது.

விதி சொல்வது ‘கூட்டுத்தொகை இவ்வளவு’ என்றல்ல, ‘எல்லாம் வேறு வேறு’ என்று. அதை நேராகவே எழுதலாம். ஒரு கட்டம் தன் நிரை, நிரல், பெட்டி வழியாக 20 கட்டங்களோடு உறவு கொண்டிருக்கிறது. ஆகவே வேறுபட வேண்டிய இணைகள் 81 × 20 ÷ 2, அதாவது 810. ஒவ்வொரு இணைக்கும் ‘ஒன்று சிறியது, மற்றது பெரியது’ என்பதைக் குறிக்க 0 அல்லது 1 மட்டுமே ஏற்கும் ஒரு மாறி z-ஐ வைத்து இரண்டு அசமன்பாடுகள் எழுதுகிறோம்.

```
ya - yb <= 9z - 1
yb - ya <= 8 - 9z
```

z = 0 என்றால் முதல் வரி ya-யைச் சிறியதாக்குகிறது, இரண்டாவது வரி எதையும் தடுப்பதில்லை. z = 1 என்றால் தலைகீழ். தர்க்கத்தில் குறையில்லை. குறை தெரிவது சால்வர் இதைத் தொடும்போதுதான். முழு எண் கணக்கைத் தீர்க்கும் மென்பொருள் முதலில் ‘முழு எண்ணாக இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, பின்னங்களையும் அனுமதித்து ஒரு நேரியல் கணக்கைத் தீர்க்கும். இதற்குத் தளர்த்தல் என்று பெயர். இங்கே தளர்த்தினால் என்ன ஆகிறது? இரண்டு கட்டங்களிலும் 5, z = ½ என்று வைத்தால் இரு வரிகளும் 0 ≤ 3.5 என்றாகி நிறைவேறிவிடுகின்றன. அது மட்டுமல்ல, ya, yb இரண்டும் 1-க்கும் 9-க்கும் இடையில் எதுவாக இருந்தாலும் அவற்றுக்கு ஏற்ற ஒரு z கிடைத்துவிடும். 1620 அசமன்பாடுகளும் சேர்ந்து ஒரு மதிப்பைக்கூட விலக்குவதில்லை. சால்வருக்கு வழிகாட்ட எதுவுமே இல்லாத கணக்கு இது.

இந்த எழுத்துமுறையின் பிழை ஒரு கருத்துப் பிழை என்பேன். சுடோகுவில் எண்களுக்கு எண் என்ற தன்மையே கிடையாது. ஒன்பது நிறங்களையோ அ முதல் ஐ வரையான எழுத்துகளையோ போட்டாலும் புதிர் மாறாது. 7, 4-ஐவிடப் பெரியது என்பது புதிருக்குச் சம்பந்தமில்லாத செய்தி. அதைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்ததால் வந்த வினைதான் மேலே கண்டது.

சரியான வழி, ‘இந்தக் கட்டத்தில் என்ன எண்?’ என்று கேட்காமல், ‘இந்தக் கட்டத்தில் இந்த எண் உண்டா, இல்லையா?’ என்று கேட்பது. i-ஆவது நிரையில், j-ஆவது நிரலில் k என்ற எண் இருந்தால் x(i,j,k) = 1, இல்லாவிட்டால் 0. மாறிகள் 9 × 9 × 9 = 729. மாறிகள் ஒன்பது மடங்கானதற்குக் கிடைக்கும் கைம்மாறு பெரிது: விதிகள் அனைத்தும் ‘இந்த ஒன்பதின் கூட்டல் 1’ என்ற ஒரே வடிவத்துக்கு வந்துவிடுகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஓர் எண் மட்டும் இருக்க வேண்டும் (81 சமன்பாடுகள்). ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வோர் எண்ணும் ஓரிடத்தில் மட்டும் (81). நிரலுக்கு 81, பெட்டிக்கு 81. ஆக 324. கொடுத்த எண் ஒவ்வொன்றுக்கும் x(i,j,k) = 1 என்று ஒரு வரி. பைத்தானில் `pulp` நூலகத்தைக் கொண்டு எழுதினால் இவ்வளவுதான்:

```python
import pulp
R = range(9)
m = pulp.LpProblem("sudoku", pulp.LpMinimize)
x = pulp.LpVariable.dicts("x", (R, R, R), cat="Binary")
S = pulp.lpSum
m += 0
for a in R:
    for b in R:
        m += S(x[a][b][k] for k in R) == 1
        m += S(x[a][j][b] for j in R) == 1
        m += S(x[i][a][b] for i in R) == 1
        m += S(x[3*(a//3)+p][3*(a%3)+q][b]
               for p in range(3) for q in range(3)) == 1
```

`m += 0` என்ற வரியைக் கவனியுங்கள். இது குறிக்கோள் சார்பு வைக்கும் இடம். லாபத்தைப் பெருக்கு, செலவைக் குறை என்று எதையாவது இங்கே சொல்வது வழக்கம். சுடோகுவில் அப்படி எதுவும் இல்லை. ஒரு தீர்வு இன்னொன்றைவிட மேலானது என்ற பேச்சே கிடையாது. கட்டுப்பாடுகளுக்கு ஏற்புடைய ஒரு புள்ளி இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. அதனால்தான் இது ‘ஏற்புடைமைக் கணக்கு’ என்ற வகையில் சேர்கிறது.

புதிரின் வரலாற்றை நீட்ட விரும்பவில்லை. அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்கியதாகக் கருதப்படும் இது, 1979-இல் டெல் நிறுவனத்தின் இதழில் ‘நம்பர் பிளேஸ்’ என்ற பெயரில் வந்தது. 1984-இல் ஜப்பானின் நிக்கோலி எடுத்துக்கொண்டது. 2004 நவம்பரில் லண்டன் ‘டைம்ஸ்’ அச்சிடத் தொடங்கிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் இதே புதிர் கட்டுப்பாட்டு நிரலாக்கமாகவும், தர்க்க வாய்ப்பாடுகளாகவும், 0-1 முழு எண் திட்டமாகவும் ஆய்விதழ்களில் எழுதப்பட்டுவிட்டது. கடைசி வடிவத்தை 2008-இல் பார்ட்லெட், சார்டியர், லாங்வில், ராங்கின் ஆகிய நால்வர் கட்டுரையாக வெளியிட்டனர். மேலே எழுதியிருப்பது அந்த மரபான வடிவம்தான்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒவ்வொரு மாறியும் சரியாக நான்கு சமன்பாடுகளில் வரவேண்டும்: கட்டம், நிரை, நிரல், பெட்டிக்கு ஒன்று வீதம். ஒவ்வொரு சமன்பாட்டிலும் ஒன்பது மாறிகள். எப்படிப் பெருக்கினாலும் 2916 வரும். சால்வர் தன் முதல் வரிகளில் அச்சிடும் பூச்சியமல்லாத உறுப்புகளின் எண்ணிக்கை, கொடுத்த எண்களைச் சேர்ப்பதற்கு முன், இதுவாக இல்லாவிட்டால் எங்கோ சுட்டெண் பிசகியிருக்கிறது. பெரும்பாலும் பெட்டிச் சமன்பாட்டில்தான் பிசகும். `a%3` வரவேண்டிய இடத்திலும் `a//3` என்றே எழுதிவிட்டால், மூன்று பெட்டிகள் மூன்று முறை எழுதப்பட்டு மற்றவை விடுபட்டுப்போகும். அப்போதும் சால்வர் ஒரு விடை தரும். நிரையும் நிரலும் சரியாக இருப்பதால் அவசரத்தில் பார்ப்பவர் நம்பிவிடுவார். உறுப்புகளின் எண்ணிக்கையும் இந்தப் பிழையைக் காட்டாது. பெட்டி வாரியாக விடையைச் சரிபார்த்தால்தான் தெரியும்.

324 சமன்பாடுகளும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. முதல் மூன்று நிரைகளில் 5 எங்கே என்று கேட்கும் மூன்று சமன்பாடுகளைக் கூட்டுங்கள். அந்த மூன்று நிரைகளை நிரப்பும் மூன்று பெட்டிகளில் 5 எங்கே என்று கேட்கும் மூன்றையும் கூட்டுங்கள். இரண்டும் ஒரே 27 மாறிகளின் கூட்டல், இரண்டும் 3. ஆறில் ஒன்று உபரி. இப்படி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் அணியின் தரம் 249. 75 சமன்பாடுகள் மற்றவற்றிலிருந்தே கிடைத்துவிடும். அவற்றை நீக்கத் தேவையில்லை. சால்வரின் முன்தயாரிப்பு அதைப் பார்த்துக்கொள்ளும். நாமே களைந்தால் மிஞ்சுவது படிக்க முடியாத கணக்கு.

இனி முக்கியமான கேள்வி. இந்த வடிவத்தைத் தளர்த்தினால் என்ன கிடைக்கிறது? எண் எதுவும் கொடுக்காத வெற்றுக் கட்டத்தில், எல்லா மாறிகளுக்கும் 1/9 என்று வைத்தால் எல்லாச் சமன்பாடுகளும் நிறைவேறும். எல்லாக் கட்டங்களிலும் எல்லா எண்களும் சமமாகத் தூவப்பட்ட நிலை. ஒரே ஓர் எண்ணைக் கொடுத்தவுடன் இந்த நிலை குலையத் தொடங்குகிறது. கொடுத்த மாறி 1 ஆகிறது. அதே கட்டத்தின் மற்ற 8 மாறிகளும், உறவுள்ள 20 கட்டங்களில் அதே எண்ணுக்கான 20 மாறிகளும் 0 ஆகின்றன. ஒரு வரியில் 29 மாறிகள் முடிவாகிவிட்டன. முந்தைய வடிவத்தில் ஆயிரத்துச் சொச்சம் அசமன்பாடுகள் செய்யாத வேலை இது.

அதற்கு மேலும் தளர்த்தல் எவ்வளவு தூரம் போகும் என்பதை மனிதர்கள் பயன்படுத்தும் உத்திகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு நிரையில் இரண்டு கட்டங்களுக்கு 4, 7 என்ற இரு வாய்ப்புகள் மட்டுமே மிஞ்சியிருந்தால், அந்த நிரையின் மற்றக் கட்டங்களிலிருந்து 4-ஐயும் 7-ஐயும் நீக்கலாம் என்பது ஆடுபவர்களுக்குத் தெரிந்த உத்தி. சமன்பாட்டில் இது வெறும் கழித்தல். நிரையில் 4-க்கான சமன்பாட்டையும் 7-க்கானதையும் கூட்டினால் 2. அந்த இரு கட்டங்களின் சமன்பாடுகளைக் கூட்டினாலும் 2. கழித்தால் மிச்சமுள்ள மாறிகளின் கூட்டல் 0. எதுவும் குறை எண்ணாக முடியாது என்பதால் ஒவ்வொன்றும் 0.

‘எக்ஸ்-விங்’ என்று ஆடுபவர்கள் பெயர் வைத்திருப்பதும் இதே குடும்பம்தான். 2-ஆம் நிரையிலும் 7-ஆம் நிரையிலும் 6 என்ற எண் 3, 8 ஆகிய நிரல்களில் மட்டுமே வர முடியும் என்று வைத்துக்கொள்வோம். இரு நிரைச் சமன்பாடுகளின் கூட்டல் 2, அதே எண்ணுக்கான இரு நிரல் சமன்பாடுகளின் கூட்டலும் 2. கழித்தால், அந்த நிரல்களின் மற்ற எல்லாக் கட்டங்களிலும் 6 கிடையாது. கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க இது கடினம், நாளிதழ்கள் ‘கடினம்’ என்று முத்திரை குத்தும் புதிர்களில்தான் தேவைப்படும். தளர்த்திய கணக்குக்கோ இதுவும் முதல் பாடத்துக் கழித்தலும் ஒன்றே. மனிதக் கண்ணுக்குச் சிரமமானதும் சமன்பாட்டுக்குச் சிரமமானதும் வேறு வேறு என்பது இங்கேதான் முதலில் தெரிகிறது.

அப்படியானால் தளர்த்தல் எங்கே நிற்கிறது? ‘எக்ஸ்ஒய்-விங்’ என்ற உத்தியில். இதைக் கட்டம் கட்டமாகப் பார்ப்போம். (5,5) என்ற கட்டத்தில் மிஞ்சிய வாய்ப்புகள் 1, 2. அதே நிரையில் (5,1)-இல் 1, 3. அதே நிரலில் (2,5)-இல் 2, 3. இப்போது (2,1) என்ற கட்டம் (5,1)-ஐ நிரல் வழியாகவும் (2,5)-ஐ நிரை வழியாகவும் பார்க்கிறது. அங்கே 3 வர முடியுமா? வந்தால் (5,1)-இல் 1, (2,5)-இல் 2 என்றாகி, (5,5)-க்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே வர முடியாது. மனிதருக்கு இது இரண்டு வரித் தர்க்கம். சமன்பாடுகளில் எழுதினால்:

```
x551 + x552  = 1
x511 + x513  = 1
x252 + x253  = 1
x511 + x551 <= 1
x252 + x552 <= 1
x213 + x513 <= 1
x213 + x253 <= 1
```

நான்காவது, ஐந்தாவது வரிகளைக் கூட்டி முதல் வரியைக் கழித்தால் x511 + x252 ≤ 1. இரண்டாவது, மூன்றாவது வரிகளோடு சேர்த்தால் x513 + x253 ≥ 1. கடைசி இரு வரிகளைக் கூட்டி இதைக் கழித்தால் 2·x213 ≤ 1. அதாவது x213 ≤ ½. கூட்டலும் கழித்தலும் இவ்வளவுதான் தரும். இந்த ஏழு வரிகளை வைத்துக்கொண்டு ½-க்குக் கீழே இறங்கவே முடியாது, ஏனெனில் எல்லா மாறிகளுக்கும் ½ என்று வைத்தால் ஏழும் நிறைவேறுகின்றன. ‘முழு எண்’ என்ற நிபந்தனையை இப்போது நினைவுக்குக் கொண்டுவந்தால்தான், ½-ஐத் தாண்டாத முழு எண் 0 என்று முடிக்கலாம்.

இப்படிக் கூட்டி, வகுத்து, பின்னத்தைக் கீழே இறக்கி எழுதும் அசமன்பாட்டுக்கு வெட்டு என்று பெயர். 1958-இல் ரால்ஃப் கோமரி முழு எண் கணக்குகளுக்காக இந்த வழியைத் தொடங்கிவைத்தார். 1973-இல் வாசெக் ஹ்வாத்தல் அதைப் பொது வடிவத்தில் ஆராய்ந்தார். இரண்டுமே சுடோகு பிறப்பதற்கு முந்தியவை. எக்ஸ்ஒய்-விங்கைக் கண்டுபிடித்த ஆட்டக்காரர் கையால் போட்டது ஒரு ஹ்வாத்தல்–கோமரி வெட்டு. எனக்கு இந்தச் சமன்பாட்டு வடிவத்தின் மிகப் பெரிய பயன் இதுவே என்று தோன்றுகிறது: உத்திகளின் நீண்ட பட்டியலை அது இரண்டாகப் பிரித்துவிடுகிறது. கூட்டிக் கழித்தால் வருபவை ஒரு பக்கம், முழு எண் என்ற நிபந்தனையைப் பயன்படுத்தினால் மட்டுமே வருபவை மறுபக்கம்.

வெட்டும் போதாதபோது சால்வர் கிளை பிரிக்கும். பின்னமாக நிற்கும் ஒரு மாறியை எடுத்து, 0 என்று ஒரு கணக்கு, 1 என்று ஒரு கணக்கு. மேலே கண்ட x213-ஐ 1 என்று வைத்தால் உடனே முரண்பாடு. அந்தக் கிளை அங்கேயே முடிந்துவிடும். ‘ஊகித்துப் பார்ப்பது ஆட்டமே அல்ல’ என்று சண்டைக்கு வரும் சுடோகுத் தூய்மைவாதிகள் உண்டு. சால்வருக்கு அந்த மானமெல்லாம் இல்லை.

2010-இல் பிரபு பாபுவும் மூவரும் வெளியிட்ட ஒரு கட்டுரை இதே சமன்பாடுகளை வேறு கண்ணால் பார்த்தது. 729-இல் 81 மட்டுமே 1, மற்றவை 0 என்பதால் இது ‘பெரும்பாலும் பூச்சியமான’ ஒரு தீர்வைத் தேடும் கணக்கு. மாறிகளின் தனிமதிப்புக் கூட்டலைச் சிறிதாக்கினால் அது கிடைக்கக்கூடும் என்றது அந்தக் கட்டுரை. பல புதிர்களுக்குக் கிடைக்கிறது, எல்லாவற்றுக்கும் இல்லை. காரணம் நமக்கு இப்போது தெரியும். சமன்பாடுகளே மாறிகளின் கூட்டலை 81 என்று கட்டிப்போடுகின்றன. எனவே தனிமதிப்புக் கூட்டலை 81-க்குக் குறைக்க முடியாது. அது 81 ஆவது எந்த மாறியும் குறை எண்ணாக இல்லாதபோதுதான். புதுப் பெயரில் வந்தாலும் அது நாம் பார்த்த தளர்த்தலேதான்.

வேகத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். 9×9 புதிரைத் தீர்க்க முழு எண் சால்வர் மிக வேகமான கருவி அல்ல. டொனால்ட் குனூத் 2000-இல் எழுதிய ‘டான்சிங் லிங்க்ஸ்’ முறை இதே 729 × 324 அணியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் மிகாமல் குறையாமல் ஒருமுறை மூடும் 81 தேர்வுகளைப் பின்வாங்கித் தேடும். அதில் பின்னம் என்ற பேச்சே இல்லை, சுமையும் குறைவு. தர்க்க வாய்ப்பாட்டுச் சால்வர்களும் அப்படியே. n²×n² அளவுக்குப் பொதுமைப்படுத்திய சுடோகு என்.பி.-முழுமை வகையைச் சேர்ந்தது என்று 2003-இல் யாத்தோவும் செட்டாவும் நிறுவினர். ஆனால் அது அளவு வளரும்போது பொருந்தும் பேச்சு. தீர்ப்பதைத் தாண்டி, ஒரு புதிரைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும்போதுதான் 0-1 வடிவத்தின் நிறம் தெரியும்.

முதல் கேள்வி: விடை ஒன்றுதானா? சால்வர் ஒரு விடையைக் கண்டதும் நின்றுவிடும், வேறு இருக்கிறதா என்று சொல்லாது. கிடைத்த விடையில் 1 ஆன 81 மாறிகளின் கூட்டல் 80-ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினால் போதும். `Infeasible` என்று வந்தால் விடை ஒன்றே. 80-க்குப் பதில் 77 என்று எழுதுவது இன்னும் இறுக்கம். இரு விடைகள் வேறுபட்டால், வேறுபாடு உள்ள ஒவ்வொரு நிரையிலும் குறைந்தது இரண்டு கட்டங்கள், ஒவ்வொரு நிரலிலும் குறைந்தது இரண்டு மாறியிருக்க வேண்டும். ஆக நான்குக்குக் குறைந்து மாற முடியாது. அந்த 81-இன் கூட்டலையே குறிக்கோளாக வைத்துச் சிறிதாக்கலாம். தளர்த்திய கணக்கிலேயே மிகச்சிறிய மதிப்பு 81 என்று வந்தால், அந்தப் புதிருக்கு வெட்டோ கிளையோ வேண்டியதில்லை, கூட்டிக் கழித்தே தீர்க்கலாம் என்று பொருள். புதிரின் கடுமைக்கு இதைவிடத் தெளிவான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: விடையே இல்லாவிட்டால்? அச்சுப்பிழையால் ஓர் எண் மாறியிருக்கலாம். `Infeasible` என்ற ஒற்றைச் சொல் எது தவறு என்று சொல்லாது. கொடுத்த எண்களைக் கட்டாயமாக்காமல், அவற்றின் மாறிகளின் கூட்டலைப் பெரிதாக்கு என்று குறிக்கோள் வைக்க வேண்டும். 26 எண்கள் கொடுத்து 25 வந்தால், ஒன்றைக் கைவிட்டால் போதும். ஆனால் சால்வர் கைவிட்டதுதான் தவறான எண் என்று முடிவு கட்டக் கூடாது. முரண்படும் இரண்டில் எதைக் கைவிட்டாலும் கணக்கு சரியாகலாம். விடையைப் படிக்கும்போது இன்னொரு பொறி: சால்வர் 1 என்பதை 0.9999999 என்று தரலாம். அதை `int()` கொண்டு படித்தால் 0 ஆகி, கட்டம் காலியாகத் தெரியும். 0.5-ஐ விடப் பெரிதா என்று கேட்பதே பாதுகாப்பு.

மூன்றாவது கேள்வி இவற்றையெல்லாம் விடக் கனமானது: ஒரே விடை உறுதியாக, குறைந்தது எத்தனை எண்கள் கொடுக்க வேண்டும்? நிரப்பிய ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் இரு நிரைகளும் 1, 4 ஆகிய நிரல்களும் சந்திக்கும் நான்கு கட்டங்களில் மேலே 3, 8; கீழே 8, 3 என்று இருந்தால், இரண்டையும் இடம் மாற்றினாலும் எந்த விதியும் மீறப்படுவதில்லை. எனவே அந்த நான்கில் ஒன்றையாவது கொடுத்தே ஆகவேண்டும். இப்படித் தவிர்க்க முடியாத தொகுதி ஒவ்வொன்றுக்கும் ‘இதில் குறைந்தது ஒன்று’ என்று 81 புதிய 0-1 மாறிகளில் ஓர் அசமன்பாடு. தொகுதிகளை முன்கூட்டியே தேடித் தொகுக்க வேண்டியதில்லை. இருப்பவற்றை வைத்துக் குறைந்த எண்களைத் தேர்ந்தெடு. அந்தப் புதிருக்கு இரண்டாவது விடை இருக்கிறதா என்று 729 மாறிக் கணக்கைக் கேள். இருந்தால் இரு விடைகளும் வேறுபடும் கட்டங்களே புதிய தொகுதி, அதைச் சேர்த்து மறுபடி ஓட்டு.

17 எண்கள் மட்டும் கொடுத்த புதிர்களை கார்டன் ராய்ல் 49,000-க்கு மேல் திரட்டியிருந்தார். 16-இல் ஒன்றுகூட அகப்படவில்லை. சாராம்சத்தில் வேறுபட்ட நிரப்பிய கட்டங்கள் 5,472,730,538, அதாவது 547 கோடி. டப்ளினில் கேரி மக்வையர், பாஸ்டியன் டூகமான், ஜில் சிவாரியோ மூவரும் அவற்றில் ஒவ்வொன்றையும் சோதித்தனர். அவர்கள் பொதுச் சால்வரைப் பயன்படுத்தவில்லை. தவிர்க்க முடியாத தொகுதிகளுக்கென்றே தனி நிரல் எழுதினர். ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தபட்சம் எது என்று அவர்கள் தேடவும் இல்லை. ‘16 எண்களால் எல்லாத் தொகுதிகளையும் தொட்டு, ஒரே விடையையும் உறுதிசெய்ய முடியுமா?’ என்று மட்டும் கேட்டனர். சுமார் 71 லட்சம் கோர்-மணி நேரம் ஆனது. கட்டத்துக்குச் சராசரி ஐந்து விநாடிக்கும் குறைவு. 2012 ஜனவரியில் முடிவை அறிவித்தபோது 547 கோடிக் கட்டங்களுக்கும் ஒரே பதில்தான் இருந்தது: முடியாது.